கோட்டுக்கு இந்தப் பக்கம்

எங்கள் பெயின்ட் கடையில் நாற்காலிகள் இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று பில் போடுகிற என்னுடையது. மற்ற எல்லோரும் காலை ஷட்டர் தூக்கினதிலிருந்து இறக்குகிற வரை நிற்க வேண்டும். விற்பவர் உட்கார்ந்திருந்தால் வாங்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார் என்பது முதலாளியின் அப்பா காலத்துக் கொள்கை. அந்தப் பெரியவர் கடை நேரம் முழுக்க உட்கார்ந்தேதான் இருந்தார் என்று கேள்வி.

அப்படிப் பதினெட்டு வருஷமாக நின்றவர்தான் எங்கள் பிரைமர் அக்கா. பெயின்ட் வாங்க யார் வந்தாலும், அதற்கு அடியில் பூசுகிற பிரைமரைப் பற்றி விசாரிக்காமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். வைத்தவன் நான்தான். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அதைக் கால் வலிக்கு எடுத்து வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி செருப்பு வார் பதிந்துவிடும். முதலாளி வெளியே போன நேரத்தில் ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு காலை மட்டும் அதன்மேல் தூக்கி வைத்துக்கொள்வார். வாசலில் முதலாளியின் வண்டிச் சத்தம் கேட்டால் வாளியைக் காலாலேயே கவுண்டருக்குக் கீழே தள்ளிவிடுவார். ஒரு நாளும் தப்பினதில்லை. அந்த வேகம் மட்டும் அவர் காலில் எங்கிருந்து வருமோ.

ஆபரேஷன் செய்துவிடலாம், அப்புறம் ஒன்றரை மாதமாவது கடையில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். எதைச் சொன்னாலும் "பார்த்துக்கலாம்" என்பார். மாமியார் மட்டும்தான் தினமும் மருமகளின் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உன் முதலாளி வந்து அழுத்திப் பார்க்கட்டும்" என்று திட்டுவாராம். கடைசியில் தங்கை ஒருத்தி நேராக ஆஸ்பத்திரிக்கே போய்த் தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது.

அக்கா போய் லீவு கேட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிறவர், அவ்வளவுதான். அவர் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பார்: ஒரு பில்லில் எத்தனை சாமான். பெயின்ட் டப்பா மட்டும் வாங்கிக்கொண்டு போனால் ஒன்று. அதோடு ரோலர், தட்டு, ஓரம் ஒட்டுகிற டேப் போனால் நான்கு. பெயின்ட்டில் லாபம் கம்மி, கூடப் போகிற சில்லறைச் சாமானில்தான் கடை ஓடுகிறது. அக்கா போட்டுக் கொடுக்கிற பில்லில் சராசரியாக மூன்றரைக்குக் குறையாது. மற்றவர்களுடையது ஒன்றரையிலேயே நொண்டும்.

"புதுசா ஒருத்தரைத் தர்றேன். உங்க அளவுக்கு வேணாம், ஒரு பில்லுக்கு மூணு வர்ற மாதிரி பழக்கி விட்டுட்டுப் போங்க. வந்து அதே இடத்துல நில்லுங்க. அந்த மூணு வரலைன்னா நான் வேற ஆளத்தான் நிரந்தரமா பார்க்கணும்" என்றார் முதலாளி.

ஆக, அக்காவின் காலும் வேலையும் வரப்போகிற ஆளின் வாயில் இருந்தது.

வந்தவர் இன்சூரன்ஸ்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அக்காவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருபது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி பாலிசி விற்றவர். இப்போது எல்லோரும் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள், ஏஜென்ட் எதற்கு என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, யாரைப் பார்த்தாலும் முகம் மலர ஒரு வணக்கம். இவரைப் பார்த்ததும் எனக்கே என் உயிரைப் பற்றிக் கவலை வந்துவிட்டது.

முதல் நாள் அக்கா அவருக்குக் கவுண்டரைக் காட்டினார். எங்கள் கவுண்டர் பலகையின் நடுவில் நீளவாட்டில் ஒரு கோடு உண்டு. எப்போதோ சிந்திக் காய்ந்த மஞ்சள் பெயின்ட். சுரண்டச் சொல்லி முதலாளி எத்தனையோ தடவை சொல்லியும் அக்கா சுரண்ட விடவில்லை. அவருக்கு அது எல்லைக்கோடு. வாடிக்கையாளர் கேட்டது கோட்டுக்கு அந்தப் பக்கம். நாம் எடுத்துக் காட்டுவது கோட்டுக்கு இந்தப் பக்கம். அவர் வாயால் சரி என்று சொன்ன பிறகுதான் அது கோட்டைத் தாண்டும். தாண்டாதது பில்லுக்கு வராது. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் வந்து "இது நான் கேக்கவே இல்லையே" என்று அக்காவின் பில்லைப் பற்றி ஒருவரும் சண்டை போட்டதில்லை.

பிறகு மாமியாரை அறிமுகப்படுத்தினார். வீட்டு மாமியார் இல்லை, கடை மாமியார். கேட்ட நிறத்துக்குச் சாயம் விட்டு டப்பாவை உள்ளே மாட்டினால் குலுக்கோ குலுக்கு என்று குலுக்குகிற மிஷின். அது சத்தம் போட ஆரம்பித்தால் கடையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்காவின் தொழிலே மாமியாரை ஒட்டித்தான் நடக்கும். சாயம் விட்டாயிற்று என்றால் அந்த பெயின்ட் திரும்பி வராது, எந்த நிறம் என்ற குழப்பமும் தீர்ந்தது. வாங்குகிறவர் மனசு ஓய்ந்து சும்மா நிற்கிற நேரம் அது. அதற்கு முன்னால், அவர் சாம்பலா நீலமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போது ரோலரைப் பற்றிப் பேசினால் இரண்டும் கெட்டுப் போகும். நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். அதனால் மிஷின் ஓடுகிற வரை அக்கா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். ஓடத் தொடங்கியதும், முன்பே அவர் சொன்ன வேலைக்கு எது வேண்டுமோ அந்த ஒரே ஒரு சாமானை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைப்பார். மிஷின் நின்றதும் ஒரு வரி.

"ஜன்னல் ஓரம் இருக்குன்னீங்களே, கண்ணாடில படாம ஒட்டிக்க இந்த டேப் எடுத்து வைக்கட்டுமா?"

அல்லது, "ரோலர் வீட்ல இருக்கா?"

அவ்வளவுதான். என்ன சாமான், எதற்கு, வேண்டுமா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வேண்டாம் என்றால் "சரிங்க" என்று அந்தச் சாமானை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். ஒன்றுக்குச் சரி என்றால் மட்டும், அதோடு சேர்ந்தது இன்னொன்று இருந்தால் கேட்பார். ரோலருக்குத் தட்டு மாதிரி. "வேற ஏதாவது வேணுமா?" என்று மட்டும் கேட்கவே கூடாது என்றார். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் பழக்கதோஷத்தில் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்த பிறகுதான் பிரஷ் இல்லை என்பது ஞாபகம் வரும்.

இன்சூரன்ஸ்காரர் எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். "இவ்வளவுதானே மேடம்? இது நமக்குக் கைவந்த கலை" என்றார்.

முதல் வாரம் அவருடைய பில்கள் அனுமார் வால் மாதிரி நீண்டன. ஐந்து சாமான், ஆறு சாமான். குளியலறைக் கதவுக்குக் கால் லிட்டர் வாங்க வந்தவர் ஏணியோடு போனார். முதலாளி சாயங்காலம் கணக்கைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "இத்தனை நாள் நீங்க சும்மா நின்னுட்டு இருந்தீங்களா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. தன் இடத்துக்கு ஆளைப் பழக்குகிறோமா, தன்னையே கழற்றிவிட ஆள் பிடிக்கிறோமா என்று அவருக்கு அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது.

இரண்டாவது வாரம் எல்லாம் திரும்பி வந்தது. பிரிக்காத டேப், பிரிக்காத பிரஷ், பாலிதீன் கிழியாத ரோலர். ஏணி ஆட்டோவில் வந்து இறங்கியது. பெயின்ட்டைத்தான் திருப்ப முடியாது, மற்றதைத் திருப்பலாமே. ஒவ்வொரு பில்லையும் ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கொண்டு போனவரின் மூஞ்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான். ஒரு அம்மா என்னிடம், "அந்த ஆள் பேசினதைக் கேட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல" என்று குறைப்பட்டார்.

அவர் என்ன பேசுகிறார் என்று அதற்குப் பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். டேப் வேண்டாம் என்றார் ஒருவர். உடனே இன்சூரன்ஸ்காரர் சாமானைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி, "வேணாம்னு சொல்றது சுலபம் சார். நாளைக்கு ஜன்னல் கட்டையெல்லாம் பெயின்ட்டா வழிஞ்சு நிக்கும்போது, வீட்ல உங்களை யாரு என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?" என்றார். குரல் தாழ்ந்து, கண்ணில் உண்மையான துக்கம். அந்த மனிதர் பயந்துபோய் இரண்டு டேப் வாங்கினார். சுவருக்கு ஆயுள் காப்பீடு எடுத்தாயிற்று.

முதலாளி கணக்கு மறுபடி பார்த்தார். திரும்பி வந்ததைக் கழித்தால் பில்லுக்கு ஒன்றேகால் கூட நிற்கவில்லை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. வருகிற சனிக்கிழமை தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும், அன்றைக்குத் தேறவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். எந்த இடத்துக்கு வேறு ஆள் என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டுவதற்குக்கூட அவரிடம் மிச்சமில்லை.

"சார், வேணாம்னு சொன்னா ஏன் விட மாட்டேங்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ரொம்ப நேரம் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க தொழில்ல வேணாம்னு சொன்னதுக்கப்புறம்தாம்மா வேலையே ஆரம்பிக்கும். வாசப்படில நின்னுதானே பேசுவோம். நான் வாயை மூடினா அவங்க கதவை மூடிடுவாங்க. இருபது வருஷமா அந்தக் கதவு மூடாம இருக்கணும்னு பேசிப் பேசியே பழகிட்டேன். சும்மா நின்னா எனக்குக் கை நடுங்குது."

அதுவரை அவரை நான் வேடிக்கைப் பொருளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் செருப்பைக் கவனித்தேன். வெளிப்பக்கக் குதிகால் தேய்ந்து சாய்ந்து கிடந்தது. அவரும் நடந்தே ஓய்ந்தவர்தான்.

அக்கா, "இங்க ஏது சார் கதவு? வெறும் கவுண்டர்தானே. அவங்க பெயின்ட்டு நம்ம கையில இருக்கு. விட்டுட்டு எங்க போயிடப் போறாங்க?" என்றார்.

அவர் யோசித்தார். இந்தக் கோணம் அவருக்குப் புதிது போலிருக்கிறது.

"பயம் காட்டி வித்தா வாங்கிட்டுத்தான் போவாங்க. வீட்டுக்குப் போனதும் பயம் தெளிஞ்சுடும், சாமான் திரும்பி வந்துடும். வேணும்னு தோணி எடுத்தது மட்டும்தான் அங்கயே நிக்கும்" என்று அக்கா சொன்னார். பிறகு அவரை மாமியார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இனிமேல் மிஷின் ஓடும்போது சாமானை வைக்க வேண்டும், நின்றதும் ஒரு வரி சொல்ல வேண்டும், வேண்டாம் என்று பதில் வந்தால் "சரிங்க" என்றுவிட்டு அடுத்த டப்பாவை மாட்டி மிஷினை உடனே ஓட விட வேண்டும். அடுத்த டப்பா இல்லையா, காலி டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடி மாட்டிவிட வேண்டும். அந்தச் சத்தத்தில் அவர் நினைத்தாலும் பேச முடியாது.

பேசாமல் இருக்க முடியாத மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் இருக்க முடியாது. புதன், வியாழன் இரண்டு நாளும் மாமியார் தண்ணீர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குத் தலைவலி வந்துவிட்டது. ஆனால் பில்கள் மாறின. மூன்று சாமான், இரண்டு, நான்கு, மூன்று. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இன்சூரன்ஸ்காரர் டேப்பை வைப்பார், கேட்பார், சரிங்க என்பார், பட்டனை அழுத்துவார். அழுத்தியதும் அவர் உதடு மட்டும் தானாக அசைந்துகொண்டிருக்கும். என்ன சொல்கிறார் என்று மாமியாருக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியாருக்கு வாய் அடைத்துவிட்டது. இரண்டு நாள் தண்ணீரையும் சேர்த்துக் குலுக்கினதில் பெல்ட் அறுந்துவிட்டது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவானாம். சாயம் விட்டதைக் குச்சி வைத்துக் கையாலேயே கலக்க வேண்டியதுதான், அதுவும் சின்ன டப்பாவாக இருந்தால். விஷயத்தைக் கேட்டு அக்கா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். எனக்கு எதையாவது எடுத்து வீச வேண்டும் போலிருந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை. மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கிய சமயம், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஊரே கிளம்பியிருந்தது. முதலாளி சொன்னபடி வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்காவை ஒதுங்கி ரேக் பக்கம் நிற்கச் சொன்னார். எதுவும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, கண் ஜாடை கூடக் கூடாது.

காலையிலிருந்து பில்கள் வந்துகொண்டிருந்தன. பரவாயில்லாமல் போயிற்று. இன்சூரன்ஸ்காரரின் நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று யாராவது சொன்னால் பையிலிருந்த பேனாவைத் திறந்து மூடுவார். இரண்டு பேரிடம் "ஏன்னா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஒருவரிடம் நிறுத்த முடியவில்லை, ஜன்னல் கட்டையைப் பற்றிப் பாதி சொல்லிவிட்டார். முதலாளி என் காகிதக் கட்டில் ஒரு கோடு கிழித்தார். நல்ல கோடா கெட்ட கோடா என்று தெரியவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு இளம்பெண் வந்தாள். வாடகை வீடு மாறி வந்திருக்கிறாள். சமையலறையில் ஒரே ஒரு சுவர், ஊரிலிருந்து மாமனார் மாமியார் வருவதற்குள் அடித்துவிட வேண்டும். அரைமணி நேரம் பச்சையில் பத்து வகையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதுவரை இன்சூரன்ஸ்காரர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. ஒரு லிட்டருக்குச் சாயம் விட்டார், குச்சியைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தார். இடது கையால் டேப்பை எடுத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார்.

"மேடை ஓரத்துல படாம ஒட்டிக்க இந்த டேப் எடுத்து வைக்கட்டுமாம்மா?"

"வேணாங்க."

"சரிங்க" என்று டேப்பை எடுத்து ஆணியில் மாட்டினார்.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. மாமியாரும் இல்லை, தண்ணீர் டப்பாவும் இல்லை. குச்சி டப்பா ஓரத்தில் உரசுகிற சத்தம் மட்டும். அவர் கலக்கினார். நன்றாகக் கலந்த பிறகும் கலக்கினார். கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. ரேக் பக்கத்திலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றதைத் தவிர அசையவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பெண்மேல் எந்த விரோதமும் கிடையாது, ஆனால் அவள் சீக்கிரம் கிளம்பிப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் பெயின்ட் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தானாகவே, "அந்தச் சுவர் தொட்டா வழுவழுன்னு இருக்கு. பழைய ஆயில் பெயின்ட்டுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. அது மேல இது ஒட்டுமில்ல?" என்று கேட்டாள்.

இன்சூரன்ஸ்காரர் கலக்குவதை நிறுத்தினார். அக்காவின் பக்கம் பார்க்கவில்லை. பழைய ஆளாக இருந்தால் இந்த இடத்தில் அந்தச் சுவருக்கு மரண அறிவிப்பே வாசித்திருப்பார். "பளபளப்பு மேல நேரா அடிச்சா நிக்காதும்மா, உரியும்" என்றார், சாதாரணக் குரலில். "முதல்ல உப்புத்தாளால பளபளப்பு போகத் தேய்ச்சுடுங்க. துடைச்சுட்டு, வழுவழுப்பு மேல பிடிக்கிற பிரைமர் ஒண்ணு இருக்கு, அதை ஒரு தடவை அடிங்க. காஞ்சதும் இந்தப் பச்சை." உப்புத்தாளையும் சின்ன பிரைமர் டப்பாவையும் எடுத்து வைத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அவளே கையை நீட்டி இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நல்லவேளை கேட்டேன்" என்றாள். டேப் கடைசி வரை எடுக்கவில்லை. இன்சூரன்ஸ்காரரும் அதை ஞாபகப்படுத்தவில்லை.

நான் பில் போட்டேன். மூன்று சாமான். முதலாளி அதை எட்டிப் பார்த்துவிட்டு என் காகிதக் கட்டை மூடி வைத்தார். அன்று சாயங்காலம் வரை இருப்பதாகச் சொன்னவர் மத்தியானமே எழுந்துவிட்டார். கவுண்டருக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டு, "போயிட்டு வாங்க. ஒன்றரை மாசம். இடம் உங்களுதுதான், யாரும் தொட மாட்டாங்க" என்றார். இன்சூரன்ஸ்காரரையும் பக்கத்துக் கவுண்டரில் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அக்கா தலையை ஆட்டினார். சந்தோஷமாக இருந்தாரா என்றால், இருந்திருப்பார். ரொம்பக் களைத்துப்போனவர் முகத்தில் எது வந்தாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

முதலாளி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் இன்சூரன்ஸ்காரர் ஏணிகள் மாட்டியிருக்கிற மூலைக்குப் போய், பெயின்டர்கள் வாங்குகிற உயர ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கவுண்டர்மேல் வைத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"அம்மா ஆபரேஷன் முடிஞ்சு வந்து நிக்கணும்ல, நடுவுல உக்கார இது ஒண்ணு எடுத்து வைக்கட்டுங்களா?"

நான் உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று உறுத்தியது.

முதலாளி ஸ்டூலைப் பார்த்தார். "அது விக்கிற சரக்கு" என்றார்.

"சரிங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலின் வீக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை, பதினெட்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. அதற்கெல்லாம் அவரிடம் வார்த்தை இல்லாமலா? உதடு அசைகிறதா என்று பார்த்தேன், அசையவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே மாட்ட ஏணி மூலையைப் பார்த்து நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், அவர் செருப்பு அப்படி.

மூலைக்குப் பாதி தூரம் போயிருப்பார். முதலாளி சாவியைக் கைமாற்றிக்கொண்டு, "அங்க எதுக்கு தூக்கிட்டுப் போறீங்க? இங்கயே போடுங்க" என்றார். என்னைப் பார்த்து, "என் கணக்குல ஒரு பில் போடு" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "ரெண்டு கவுண்டர் இருக்கே, ரெண்டா போடு" என்றுவிட்டுப் போனார்.

நான் இரண்டு ஸ்டூலுக்குப் பில் போட்டேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் அக்காவின் கால் கவுண்டருக்குக் கீழே வாளியைத் தேடி ஒரு தரம் தள்ளியது. அங்கே வாளி இல்லை, அன்று எடுத்துப் போடவே இல்லை.

இன்சூரன்ஸ்காரர் ஸ்டூலின் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டார். அக்கா அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார், உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் பேசினபோது குரலில் இருந்தது கோபம்தான்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டேனே" என்றார் என்னிடம். "எனக்குன்னு ஒரு தடவை கேக்கணும்னு தோணவே இல்லையே."

உட்காருங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"வேணாம். இன்னிக்கு உக்காந்தா நான் எழுந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

"சரிங்க" என்றார் இன்சூரன்ஸ்காரர். ஸ்டூலை அவர் காலருகிலேயே விட்டுவிட்டு, அடுத்து வந்த ஆளுக்கு வணக்கம் சொன்னார்.